குவைத்துக்கு அனுப்ப வேண்டிய ஒரு மெசேஜ்

கேள்வி: எங்கள் ஊர் கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் பக்கம். கணவர் குவைத்தில் வேலை பார்க்கிறார். மகள் நான்காம் வகுப்பு, மகனுக்கு நாலு வயது, எல்.கே.ஜி. போன லீவுக்கு வந்தபோது பிள்ளைகளுக்கு ஒரு டேப் வாங்கி வந்தார். அன்றிலிருந்து வீட்டில் நிம்மதி இல்லை. நான் வீட்டில் இருந்தே தையல் வேலை செய்கிறேன். மாமியும் எங்களோடு இருக்கிறார். சின்னவனுக்கு டேப் இல்லாமல் ஒரு வாய் சோறு இறங்காது. இரவு ஒன்பது மணிக்கு அப்பா வீடியோ கால் பண்ணுவார். அது முடிந்ததும் பத்தரை வரை இரண்டு பேரும் கார்ட்டூன் பார்க்கிறார்கள். நான் வாங்கி வைத்தால் உடனே அவருக்குக் கூப்பிடுகிறார்கள், அவரும் "கொடு, பாவம்" என்கிறார். போன வாரம் கோபத்தில் இப்படி மெசேஜ் அனுப்பிவிட்டேன்: "நீங்க அங்க இருந்துட்டு லேசா சொல்லிருவீங்க. எப்ப பாத்தாலும் பிள்ளைங்க கையில டேப்தான். உங்க அம்மாவும் அதுக்குத் துணை. நாளைக்குப் பிள்ளைங்க கெட்டுப்போனா நீங்கதான் பொறுப்பு." அதற்கு அவர், "உழைச்சு அனுப்புறவனுக்கு இதுக்குக்கூட உரிமை இல்லியா" என்று மட்டும் எழுதிவிட்டு இரண்டு நாள் பேசவில்லை. நேரில் பேசவும் வழியில்லை, போனில் பேசினால் பிள்ளைகள் கேட்கிறார்கள். சண்டை வராமல் இதை எப்படி எழுதிச் சொல்வது?

பதில்: சகோதரி, உங்கள் கணவர் எழுதிய அந்த ஒற்றை வரியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். அதில் டேப்பைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. நீங்கள் எழுதியது டேப்பைப் பற்றி. அவர் படித்ததோ, "இந்த வீட்டில் உங்களுக்குச் சொல்ல இடமில்லை" என்று. தூரத்தில் இருக்கும் அப்பாவுக்குப் பிள்ளைகளிடம் கொடுக்கக் கையில் அதிகம் இருப்பதில்லை. ஒரு வீடியோ கால் இருக்கிறது, வாங்கி அனுப்பும் பொருள் இருக்கிறது, "கொடு, பாவம்" என்று ஒரு சலுகை இருக்கிறது. சலுகையை நீங்கள் பிடுங்குகிறீர்கள் என்று தோன்றினால் அவர் உங்களை எதிர்ப்பார், பிள்ளைகளுக்கு நல்லது எது என்று தெரியாமல் அல்ல. நம் மாவட்டத்தில் வளைகுடாவில் ஆள் இருக்கும் வீடுகளில் இருந்து ஆலோசனைக்கு வருகிறவர்களும் இதையே பல விதமாகச் சொல்கிறார்கள். ஆகவே நீங்கள் எழுதப்போகும் மெசேஜ் அவர் இடத்தைக் குறைக்காமல் டேப் நேரத்தைக் குறைக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகச் செய்ய வழி இருக்கிறது.

எழுதுவதற்கு முன் ஒரு வாரம் பொறுங்கள். அந்த ஒரு வாரத்தில் எதையும் மாற்ற வேண்டாம். சமையலறைக் காலண்டரில் அந்தந்தத் தேதிக்குக் கீழே மூன்று விஷயத்தை மட்டும் குறித்து வையுங்கள்: யார் கொடுத்தது, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, அந்த நேரத்தில் வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது. யாருக்கும் காட்ட வேண்டாம். இதை நான் சொல்வதற்குக் காரணம், "எப்ப பாத்தாலும்" என்று நீங்கள் எழுதியதைத்தான் உங்கள் கணவர் முதலில் மறுத்திருப்பார். எப்போதும் என்பது உண்மையாக இருக்க முடியாது, அது பொய்யாகும் ஒரு நாளாவது அவருக்கு நினைவிருக்கும். அதைப் பிடித்துக்கொண்டால் மற்ற எல்லாமும் அடிபட்டுப் போகும். குறித்து வைத்த கணக்கோடு யாரும் சண்டை போட முடியாது.

குறித்துப் பார்க்கும்போது உங்களுக்கே சில விஷயங்கள் தெரியவரும். நீங்கள் தையல் மெஷினில் உட்காரும் நேரத்தில் சின்னவனுக்கு டேப் கொடுப்பது பெரும்பாலும் நீங்களாகவே இருக்கும். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஓடும் ஊசிக்குப் பக்கத்தில் நாலு வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு பிளவுஸ் தைக்க முடியாது. ஆனால் அதையும் மெஸேஜில் எழுத வேண்டும். உங்கள் பங்கை நீங்களே சொல்லிவிட்டால், அவர் அதைக் கண்டுபிடித்துத் திருப்பி அடிக்க வேண்டிய தேவை இருக்காது. பேச்சு நியாயமாகத் தொடங்கும்.

அப்புறம், எதைக் கேட்பது என்பது. வழக்கமாகப் பெற்றோர் "ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்" என்ற எண்ணில் மாட்டிக்கொள்கிறார்கள். எண்கள் தெரிந்திருக்க வேண்டியதுதான். இரண்டிலிருந்து நாலு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைவாக இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. இந்தியக் குழந்தை மருத்துவர்களின் சங்கமும் இரண்டிலிருந்து ஐந்து வயதுக்கு ஒரு மணி நேரம், ஐந்திலிருந்து பத்து வயதுக்கு இரண்டு மணி நேரத்துக்குள் என்று வழிகாட்டுகிறது. சாப்பிடும்போது திரை வேண்டாம், படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே அணைத்துவிட வேண்டும் என்பதும் அதில் உண்டு. ஆனால் உங்கள் வீட்டில் முதல் நாளே எண்ணைப் பிடித்தால், ஒன்றா ஒன்றரையா என்று குவைத்துக்கும் கருங்கலுக்கும் இடையே ஏலம் நடக்கும். நிமிடத்தை யார் எண்ணுவது என்று அடுத்த சண்டை வரும். அதனால் எண்ணை விட்டுவிட்டு இடத்தையும் வேளையையும் பிடியுங்கள். சாப்பிடும் பாயில் டேப் இல்லை, இரவு எட்டு மணிக்குப் பிறகு டேப் இல்லை. இதை மாமியும் எண்ணலாம், நாலு வயதுப் பையனும் புரிந்துகொள்வான். இந்த இரண்டும் நடந்தாலே மணிக்கணக்கு தானாகப் பாதியாகும்.

வீடியோ காலை இந்தக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். இது உங்கள் கணவருக்காக நான் சொல்லும் சமாதானம் இல்லை. இரண்டு வயதுக்குக் கீழே திரையே வேண்டாம் என்று சொல்லும் மருத்துவர்கள்கூட, தூரத்தில் இருக்கும் உறவினரோடு பேசும் வீடியோ காலுக்கு விலக்குக் கொடுக்கிறார்கள். அங்கே ஒரு ஆள் பதில் சொல்கிறார், சிரிக்கிறார், பிள்ளை சொன்னதைக் கேட்கிறார். கார்ட்டூனில் அது நடப்பதில்லை. "உங்ககிட்ட பேசுறது எந்தக் கணக்குலயும் வராது" என்ற ஒரு வரி உங்கள் மெசேஜில் இருந்தால், அவர் மனதில் இருக்கும் பயம் பாதி போய்விடும்.

ஆனால் கால் வரும் நேரம் மாற வேண்டும். இப்போது ஒன்பது மணிக்கு வருகிறது. அங்கே அப்போது ஆறரை. பிள்ளைகள் அப்பாவோடு பேசி ஆட்டமும் பாட்டுமாகத் துள்ளி, அந்த உற்சாகம் அடங்காமல் டேப்பை எடுக்கிறார்கள். அவர் அறைக்கு வந்து குளித்துச் சாப்பிட்ட பிறகுதான் கூப்பிடுகிறார் என்று நினைக்கிறேன். குளிப்பதற்கு முன்பே, எட்டேகாலுக்கு, அதாவது அங்கே ஐந்தே முக்காலுக்குக் கூப்பிட்டால் பிள்ளைகளுக்கு அரை மணி நேரம் முழுதாகக் கிடைக்கும். ஒன்பதுக்குப் பிள்ளைகள் படுத்த பிறகு அவர் திரும்பக் கூப்பிடட்டும், அப்போது நீங்கள் இரண்டு பேரும் பேசலாம். பிள்ளைகள் காதில் விழாமல் பேச நேரமில்லை என்று எழுதியிருந்தீர்களே, அதற்கும் இதுதான் வழி. வேலை நேரம் இடம் கொடுக்காவிட்டால் அவர் வேறு நேரம் சொல்வார். கேட்பது உங்கள் வேலை, நேரம் குறிப்பது அவர் வேலை.

எப்போது அனுப்புவது? சண்டை நடந்த இரவில் அனுப்பக் கூடாது, அவர் வேலையில் இருக்கும்போதும் கூடாது. அவருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்றால் வியாழன் இரவு பிள்ளைகள் தூங்கிய பிறகு அனுப்புங்கள். அவர் வெள்ளி காலையில் சாவகாசமாகப் படிப்பார். வாட்ஸ்அப்பிலேயே டைப் செய்யாதீர்கள், பாதியில் கை பட்டு போய்விடும். நோட்ஸில் எழுதி வைத்து, அடுத்த நாள் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். குரலில் எந்த இடத்தில் கடுப்பு ஏறுகிறதோ அந்த வரியை எடுத்துவிடுங்கள். வாய்ஸ் மெசேஜும் வேண்டாம். நமக்குத் தெரியாமலே குரலில் பெருமூச்சும் அழுகையும் வந்துவிடும், கேட்கிறவர் வார்த்தையை விட்டுவிட்டு அதற்குத்தான் பதில் சொல்வார். எழுத்தில் எழுதினால் அவர் இரண்டாம் தடவையும் படிக்கலாம், பத்து நாள் கழித்து "நாம என்ன பேசி வச்சோம்" என்று இரண்டு பேருமே திறந்து பார்க்கலாம்.

நீங்கள் போன வாரம் அனுப்பியதை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். நாலு வரி, அதில் மூன்றில் ஒரு ஆள்மேல் குற்றம். "நீங்க அங்க இருந்துட்டு" என்பது அவர் பிரிந்து இருப்பதையே குறையாக்குகிறது. அதை அவரால் இன்றைக்கு மாற்ற முடியாது. "உங்க அம்மாவும்" என்றதும் அவர் கணவராக இருப்பதை விட்டு மகனாகிவிடுகிறார். "நாளைக்குக் கெட்டுப்போனா" என்பது நடக்காத ஒன்றுக்கு இன்றே தீர்ப்பு. கடைசி வரை, "என்ன செய்யலாம்" என்ற கேள்வியே இல்லை. கோபம் நியாயமானதுதான், ஆனால் அந்த மெசேஜுக்கு அவர் நினைத்தாலும் "சரி" என்று பதில் எழுத முடியாது. எதற்குச் சரி சொல்வது?

இப்படி எழுதிப் பாருங்கள். எண்களை மட்டும் உங்கள் காலண்டர் குறிப்புப்படி மாற்றிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் கூப்பிடும் முறையும் பேச்சும் உங்களுக்குத்தான் தெரியும், அதற்கேற்ப வார்த்தையையும் மாற்றலாம்.

"அத்தான், பிள்ளைங்க விஷயமா ஒண்ணு எழுதுறேன். அவசரம் இல்ல, லீவு நாள்ல நிதானமா படிச்சாப் போதும். அன்னைக்கு நான் அனுப்பினதுல உங்களையும் மாமியையும் சேத்துக் குறை சொல்லிட்டேன். அது சரியில்ல.

ஒரு வாரமா காலண்டர்ல குறிச்சுப் பாத்தேன். சின்னவன் ஒரு நாளைக்கு மூணரை மணி நேரம் டேப் பாக்குறான். அதுல ஒன்றரை மணி நேரம் நான் தைக்கும்போது நானே கொடுக்கிறது. ராத்திரி உங்க கால் முடிஞ்ச பிறகு ரெண்டு பேரும் படுக்கப் பத்தரை ஆகுது. காலையில எழும்ப மாட்டேங்கிறாங்க, இந்த வாரம் ரெண்டு நாள் ஸ்கூல் வேனை விட்டுட்டோம்.

டேப்பை எடுத்து வைக்கணும்னு சொல்லல. நீங்க ஆசையா வாங்கிக் கொடுத்தது, அது இருக்கட்டும். மூணு காரியம் மட்டும் ரெண்டு வாரம் செஞ்சு பாப்போமா? சாப்பிடும்போது டேப் வேண்டாம். ராத்திரி எட்டு மணிக்குப் பிறகு வேண்டாம். உங்ககிட்ட பேசுறது எந்தக் கணக்குலயும் வராது. மூணாவது, உங்க கால் எட்டேகாலுக்கு வந்தா நல்லா இருக்கும், முடியுமா? பிள்ளைங்க படுத்த பிறகு நாம ரெண்டு பேரும் பேசலாம்.

முதல் நாலஞ்சு நாள் அழுவாங்க. உங்களுக்கும் கூப்பிடுவாங்க. அப்போ 'அம்மாவும் நானும் பேசி வச்சது மக்கா'ன்னு மட்டும் சொன்னாப் போதும், மிச்சம் நான் பாத்துக்கிறேன். மாமிகிட்ட நீங்களே ஒரு வார்த்தை சொன்னா நல்லது. இதுல உங்களுக்கு எது சரிப்படாதுன்னு தோணுதோ சொல்லுங்க, மாத்திக்கலாம்."

இதற்கு மேல் ஒரு வரிகூடச் சேர்க்காதீர்கள். பள்ளிக் கட்டணம், மாமியின் மருந்து, அவர் தம்பி வீட்டுக் கல்யாணம் எதுவும் இதில் வர வேண்டாம். அவை வேறு நாளைக்கு.

இந்த மெசேஜில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது "அம்மாவும் நானும் பேசி வச்சது" என்ற வரி. கணவனும் மனைவியும் திரை நேரத்தில் ஒத்துப்போவது என்றால் நடைமுறையில் இந்த ஒரு வாக்கியத்தை இரண்டு பேரும் சொல்வதுதான். ஏன் என்று கொஞ்சம் விளக்க வேண்டும். ஒரு பிள்ளை டேப் கேட்டு அழுகிறது. முதல் தடவை கிடைக்கவில்லை, இரண்டாம் தடவை கிடைக்கவில்லை, மூன்றாம் தடவை அப்பாவுக்குக் கூப்பிட்டு அழுததும் கிடைத்துவிட்டது. அன்று அந்தப் பிள்ளை கற்றுக்கொண்டது "டேப் கிடைக்காது" என்பதை அல்ல, "மூன்று தடவை அழுதால் கிடைக்கும்" என்பதை. அடுத்த நாள் மூன்று தடவையும் இன்னும் சத்தமாக அழும். இது பிள்ளையின் குணக்கேடு இல்லை. எப்போதாவது மட்டும் பலன் கிடைக்கும் பழக்கம்தான் எல்லாவற்றிலும் கடினமாக ஒட்டிக்கொள்ளும். பெரியவர்களுக்கும் அப்படித்தான்.

அதேபோல், கிடைத்துக்கொண்டிருந்த ஒன்றை நிறுத்தினால் அழுகை உடனே குறையாது, முதலில் கூடும். இரண்டாம் நாள் முதல் நாளைவிட மோசமாக இருக்கலாம். சின்னவன் தட்டைத் தள்ளிவிடுவான், தரையில் படுத்து உருளுவான், "அப்பா நல்லவர், நீ கெட்டவள்" என்று சொல்வான். பெரும்பாலான வீடுகளில் இந்த இடத்தில்தான் "இது நம்ம பிள்ளைக்குச் சரிவராது" என்று கைவிடுகிறார்கள். உண்மையில் கட்டுப்பாடு வேலை செய்யத் தொடங்கியதன் அடையாளம் அது. தொடர்ந்து ஒரே பதில் கிடைத்தால் சில நாளில் இறங்கத் தொடங்கும். தூரத்தில் இருக்கும் உங்கள் கணவருக்கு இந்த அழுகை போனில் மட்டும் கேட்கும், அங்கிருந்து கேட்கும்போது இரண்டு மடங்காகக் கேட்கும். அதனால்தான் அதை முன்கூட்டியே மெசேஜில் சொல்லச் சொன்னேன். முன்னால் தெரிந்திருந்தால் அவர் பதற மாட்டார்.

இனி அவர் பதில். வெறும் கட்டைவிரல் வந்தால் அதை ஒப்புதலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். "சரி, படித்தேன்" என்பதற்கும் "சரி, செய்வேன்" என்பதற்கும் அதே விரல்தான். "இதுல எது உங்களுக்குக் கஷ்டம்?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பதிலே வராமல் நீல டிக் மட்டும் இருந்தால் ஒரு நாள் விடுங்கள். இரண்டாவது மெசேஜ் அனுப்பித் துரத்த வேண்டாம். மறுநாள் பேசும்போது, "நான் எழுதினதைப் பாத்தீங்களா, எப்ப பேசலாம்?" என்றால் போதும்.

"ஊர்ல எல்லாப் பிள்ளையும் பாக்குது, நம்ம பிள்ளை மட்டும் ஏங்கணுமா" என்று கேட்கலாம். அதற்கு ஊர்ப் பிள்ளைகளைப் பற்றி வாதிட வேண்டாம். "ஏங்க விட வேண்டாம், சாயங்காலம் பாக்கட்டும். சாப்பாட்டு நேரமும் படுக்கிற நேரமும் மட்டும்" என்று உங்கள் இரண்டு வேளைக்கே திரும்புங்கள். "எட்டு மணி ரொம்ப சீக்கிரம், எட்டரை வை" என்று அவர் சொன்னால், தயங்காமல் ஒத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் விட்டுக்கொடுத்ததில் உங்களுக்கு நஷ்டமில்லை. எட்டரை என்பது அவர் போட்ட விதி ஆகிவிட்டது, அதை அவரே காப்பாற்றுவார். பேரத்துக்கு இடம் வைக்காத மெசேஜை யாரும் மனதார ஏற்பதில்லை.

சனி, ஞாயிறு பற்றியும் அவர் கேட்பார். இங்கே ஒரு சிக்கல் உண்டு. அவருடைய ஓய்வு நாளான வெள்ளி உங்களுக்குப் பள்ளி நாள், உங்கள் ஞாயிறு அவருக்கு வேலை நாள். வெள்ளி இரவு மட்டும் பிள்ளைகள் ஒரு மணி நேரம் தாமதமாகப் படுக்கட்டும், அந்த நேரம் முழுதும் அப்பாவுக்கு. சனிக்கிழமை பள்ளி இருந்தால் மட்டும் வேண்டாம். அப்புறம் மழை லீவு. நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமும் உண்டு, வடகிழக்கும் உண்டு. மழை கொட்டும் நாளில் பிள்ளைகள் முற்றத்தில்கூட இறங்க முடியாது. அன்றைக்குக் காலையில் ஒரு மணி நேரம் கூடுதல் என்று இப்போதே இரண்டு பேரும் பேசி வையுங்கள். முன்பே பேசி வைத்த விலக்கு விதியைக் கெடுக்காது, அன்றன்று அழுகைக்குக் கொடுப்பதுதான் கெடுக்கும்.

மாமி விஷயத்தில் ஒன்று சொல்கிறேன். பேரன் சாப்பிட வேண்டும் என்பது மட்டும்தான் அவர் கவலை, டேப் அதற்கு அவர் கண்ட வழி. நீங்கள் போய் "கொடுக்காதீங்க" என்றால் மருமகள் கட்டளை போட்டதாகும். மகன் போனில், "அம்மா, அவன் ரெண்டு வாய் குறைச்சுத் தின்னாலும் பரவாயில்ல, டேப் வேண்டாம்" என்று சொன்னால் அவருக்குப் பாரம் இறங்கும். ஏனென்றால் பையன் குறைவாகச் சாப்பிடுவான், முதல் வாரம் நிச்சயமாக. திரையைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறக்கும் பிள்ளைக்கு வயிறு நிறைந்ததும் தெரியாது, பசிப்பதும் தெரியாது. அது திரும்ப வர சில நாள் ஆகும். ஒரு வேளை குறைந்தால் அடுத்த வேளை பசித்துச் சாப்பிடுவான். கிழங்கையும் மீனையும் அவன் கையாலேயே எடுத்துத் தின்ன விடுங்கள், கொட்டினால் கொட்டட்டும்.

நீங்கள் தைக்கும் அந்த ஒன்றரை மணி நேரம்தான் உண்மையில் கடினமானது. அங்கே டேப்பை எடுத்துவிட்டு வேறொன்றும் வைக்காமல் போனால், அவன் மாமியின் போனைக் கேட்பான், கட்டுப்பாடு அப்படியே அங்கே மாறிப்போகும். முதல் இரண்டு வாரம் அந்த நேரத்தை அப்படியே விடுங்கள் என்றே சொல்வேன். மெசேஜில் அதைக் குறைக்கச் சொல்லாததற்கும் இதுதான் காரணம். இரண்டு வாரம் கழித்து அதை இரண்டாக உடைக்கலாம். முதல் பாதியில் மெஷினுக்கு எட்டாத தூரத்தில் ஒரு பாய் போட்டு, வெட்டுத் துணியும் தீர்ந்துபோன நூல் உருளைகளும் சாக்பீஸும் ஒரு பெட்டியில் கொடுங்கள். அந்தப் பெட்டி தையல் நேரத்தில் மட்டுமே வெளியே வர வேண்டும், இல்லாவிட்டால் மூன்றே நாளில் சலித்துவிடும். இரண்டாம் பாதியில் டேப். முடியும் நேரத்தை ஒரு படத்தின் முடிவோடு சேர்த்துச் சொல்லுங்கள். "இந்தக் கதை முடிஞ்சதும் வைக்கணும்" என்பது நாலு வயதுக்குப் புரியும், "இன்னும் பத்து நிமிஷம்" புரியாது. யூடியூபில் ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாக ஓடும் ஆட்டோபிளேயை அணைத்து வையுங்கள். அது ஓடிக்கொண்டிருந்தால் கதை முடிவதே இல்லை.

டேப் ஆண்ட்ராய்டு என்றால் உங்கள் கணவருக்கு ஒரு வேலை கொடுக்கலாம். கூகுளின் Family Link என்ற செயலியில் பிள்ளைக்கு ஒரு கணக்குத் தொடங்கி டேப்பில் அதைப் போட்டுவிட்டால், ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம், இரவு எத்தனை மணிக்கு டேப் பூட்டிக்கொள்ள வேண்டும் என்பதை அவர் குவைத்தில் இருந்தே வைக்க முடியும். உங்களையும் பெற்றோராக அதில் சேர்க்கலாம். பேசி வைத்த நேரத்துக்கு டேப் தானாகப் பூட்டிக்கொள்ளும்போது, பிடுங்குகிற ஆள் நீங்களாக இருக்க மாட்டீர்கள், விதியைக் காக்கும் ஆளாக அப்பாவும் வந்துவிடுவார். ஆனால் இதை முதல் மெசேஜிலேயே எழுதாதீர்கள். விதி பேசி முடிவான பிறகுதான் பூட்டு. பேசாமல் போட்ட பூட்டை, பிள்ளை அழுததும் அவரே தன் போனில் இருந்து திறந்துவிடுவார். உங்கள் போனுக்கோ மாமியின் போனுக்கோ இது உதவாது. அவற்றைக் கையில் கொடுக்காமல் இருப்பதுதான் வழி.

இரண்டு வாரம் ஆனதும் மறுபடி காலண்டரைப் பாருங்கள். அழுகை குறைந்ததா என்று பார்ப்பதைவிட வேறு இரண்டைப் பாருங்கள்: காலையில் எழுப்ப எத்தனை தடவை கூப்பிட வேண்டியிருக்கிறது, டேப் கேட்டு அப்பாவுக்கு எத்தனை தடவை கூப்பிட்டார்கள். இரண்டாவது எண்ணிக்கை குறைந்திருந்தால் நீங்கள் இரண்டு பேரும் ஒரே பதில் சொல்கிறீர்கள் என்று அர்த்தம். அதை அவருக்கு எழுதுங்கள். குறையாவிட்டால், யாரோ ஒருவர் நடுவில் விட்டுக்கொடுக்கிறார். யார் என்று விசாரிக்காமல், எந்த வேளையில் என்று மட்டும் பேசுங்கள். பெரும்பாலும் அந்த வேளையில் வைத்த விதிதான் கடுமையாக இருக்கும்.

சின்னவனைப் பற்றி இன்னும் ஒன்று. நாலு வயதில் அவன் நாலு சொல்லாவது சேர்த்துப் பேசுகிறானா, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா, மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து விளையாடுகிறானா என்று பாருங்கள். இதில் குறை தெரிந்தால் டேப்பைக் குறைத்தால் சரியாகும் என்று காத்திருக்காமல், குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் காட்டலாம். அப்போது உங்கள் கணவருக்கு அனுப்ப வேண்டிய மெசேஜ் வேறு, அதில் டேப் பேச்சே வர வேண்டாம்.

அடுத்த லீவுக்கு அவர் வரும்போது இந்த விதிகள் ஒருமுறை ஆடிப்போகும். வந்த முதல் வாரம் வீடே திருவிழாவாக இருக்கும், பிள்ளைகள் பத்து மணி வரை அப்பா மடியில்தான் இருப்பார்கள். அதை அப்படியே விடுங்கள். ஆனால் அவர் டிக்கெட் போட்டதும், வருவதற்கு முன்பே, ஒரு சின்ன மெசேஜ் அனுப்பி வையுங்கள்: "முதல் வாரம் எந்தக் கணக்கும் இல்ல. ரெண்டாம் வாரத்திலேருந்து பழைய மாதிரி, அதை நீங்களே பிள்ளைங்ககிட்ட சொல்லுங்க." பேசி வைத்த நேரத்துக்கு டேப்பை எடுத்து அலமாரியில் வைக்கும் வேலையையும் அந்த லீவு முழுக்க அவரிடமே விட்டுவிடுங்கள்.